எச்எஸ்கே மூன்றாம் நிலைக்கு 300 சொல் போதும் என்று கணக்குப் போடாதீர்கள்

பாளையங்கோட்டையில் வேலைக்குப் போய்க்கொண்டே எச்எஸ்கே என்ற சீன மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். தொனிகளைக் கவனியுங்கள், தினமும் படியுங்கள் என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் சில தவறுகள் மட்டும் எனக்கு இன்னும் எரிச்சலூட்டுகின்றன. அவற்றில் மாதக்கணக்கில் உழைப்பு வீணாகிறது.

இரண்டு பட்டியல்களைக் கலப்பது

ஆறு நிலைகள் கொண்ட தேர்வில் முதல் நிலைக்கு 150 சொற்கள். 2021இல் வந்த ஒன்பது நிலைத் தரத்தில் அதே முதல் நிலைக்கு 500. எந்த முறையில் எழுதப்போகிறீர்கள் என்று தேர்வு மையத்தில் கேட்டுவிட்டுப் பட்டியலை எடுங்கள். கீழே நான் சொல்வது ஆறு நிலைத் தேர்வின் கணக்கு.

பின்யினில் தெரிந்த சொல்லைத் தெரிந்த சொல்லாக எண்ணுவது

முதல் இரண்டு நிலைகளின் வினாத்தாளில் சீன எழுத்துகளோடு, உச்சரிப்பை ரோமன் எழுத்தில் காட்டும் பின்யினும் அச்சாகியிருக்கும். மூன்றாம் நிலையில் அது இல்லை. ஆங்கில எழுத்தில் பழகிய நம் கண், பின்யின் இருக்கும்வரை சீன எழுத்தைப் பார்க்காமலே கடந்துவிடும். இரண்டாம் நிலையில் எழுதும் பகுதியும் கிடையாது. ஆகவே எழுத்துகளைச் சரியாக அறியாமலே அதில் நல்ல மதிப்பெண் வாங்கிவிடலாம்.

வண்ணார்பேட்டையில் இயந்திர உதிரிபாகக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி அப்படித்தான் தேறி வந்தார். "இரண்டாம் நிலைக்கு 300, மூன்றாம் நிலைக்கு 600. மீதி 300 தானே சார்? நாளுக்குப் பத்து வைத்தால் ஒரு மாதம்" என்றார். பழைய 300 சொற்களையும் பின்யின் இல்லாமல் அச்சிட்டு அவர் கையில் கொடுத்தேன். தயங்காமல் வாசித்துப் பொருள் சொன்னவை 140. 'வாங்கு', 'விற்பனை செய்' என்ற இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னார். 'வாங்கு' என்ற எழுத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி ஏறினால் 'விற்பனை செய்' ஆகிவிடும். பின்யினிலோ இரண்டுக்கும் தொனிக்குறி மட்டுமே வேறு. வியாபாரத்துக்காகச் சீனம் படிக்கிறவர் இந்த இரண்டில் தடுமாறினால் எப்படி?

எனவே அவருக்கு உண்மையில் மீதியிருந்தவை, பழையதில் 160, புதியதில் 300, ஆக 460. கடையை அடைத்துவிட்டு வந்து படிக்கிறவருக்கு நாளுக்குப் பத்து தாங்காது. மறுபார்வையும் சேருமே. நாளுக்கு எட்டு, வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தோம். வாரத்துக்கு 40 என்றால் 460 முடிய 12 வாரம். சனிக்கிழமை வாசிப்பு மட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த வாரம் நழுவிய சொற்கள் மட்டும். அதன்பின் மாதிரித் தேர்வுகளுக்கு மூன்று வாரம். ஒரு மாதம் என்ற கணக்கு மூன்றரை மாதமானது. பழைய 160ஐ முதல் நான்கு வாரத்திலேயே முடிக்கச் சொன்னேன். அவை தெரியாமல் புதிய வாக்கியம் எதையும் வாசிக்க முடியாது.

உங்களுக்கும் இந்தக் குறை இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. இரண்டாம் நிலையின் பழைய வினாத்தாள் ஒன்றில் பின்யின் வரிகளைத் தாள் ஒட்டி மறைத்துவிட்டு வாசிப்புப் பகுதியை எழுதுங்கள். மதிப்பெண் சரிந்தால் மூன்றாம் நிலைப் பட்டியலை இப்போது தொடாதீர்கள். சொல் அட்டைகளின் முன்பக்கத்திலும் பின்யின் இருக்கக் கூடாது. மூன்றாம் நிலையின் எழுதும் பகுதியில் பின்யினைக் கொடுத்து, அதற்குரிய எழுத்தை எழுதச் சொல்லும் ஐந்து கேள்விகள் உண்டு. அட்டையில் பின்யினையே பார்த்துப் பழகியவர்கள் அங்கே பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

தமிழில் உச்சரிப்பு எழுதி வைப்பது

வேண்டாம். சீனத்தில் 'அப்பா'வுக்கு bà, 'பயம்' என்பதற்கு pà; தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'பா'வாகிவிடும்.

கடினமான பாடத்தை வாசித்துப் பார்ப்பது

நூறு எழுத்தில் ஐந்துக்கு மேல் தெரியாவிட்டால் அந்தப் பாடத்தை ஒதுக்குங்கள். அகராதியைப் புரட்டுவதிலேயே நேரம் போய்விடும்; வாசிப்பு வேகம் வராது. பொருத்தமான ஒரு சிறு பாடத்தை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் மௌனமாக, இரண்டாம் நாள் ஒலிப்பதிவோடு வாய்விட்டு, மூன்றாம் நாள் கடிகாரம் வைத்து. தூத்துக்குடிக்குத் தினமும் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அந்தப் பயண நேரமே இதற்குப் போதும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பது

மூன்றாம் நிலையில் 300க்கு 180 எடுத்தால் தேர்ச்சி. கேட்பதில் 85, எழுதுவதில் 55 வாங்கினால் வாசிப்பில் 45 எடுத்தும் தேறிவிடலாம். அந்த 45ஐ வைத்துக்கொண்டு நான்காம் நிலைக்குப் போகாதீர்கள். மூன்றாம் நிலை வாசிப்பில் 30 கேள்விக்கு 30 நிமிடம். நான்காம் நிலையில் 40 கேள்விக்கு 40 நிமிடம். கேள்விக்கு ஒரு நிமிடம் என்பது மாறவில்லை. ஆனால் பத்திகள் நீளும், சொற்கள் 1200 ஆகும், கலைந்த மூன்று வாக்கியத் துண்டுகளை வரிசைப்படுத்தும் கேள்விகளும் வரும். வாசிப்பில் மட்டும் 70 வரும்வரை மூன்றாம் நிலை மாதிரித்தாள்களையே நேரம் வைத்து எழுதச் சொல்கிறேன். நான்காம் நிலைக்குப் பணம் கட்டுவது அதற்குப் பிறகுதான்.