விண்ணப்பம் ‘நிலுவை’யில் இருக்கிறதா? நாட்களை எண்ணுவதில்தான் பலரும் தவறுகிறார்கள்

ஆன்லைனில் சான்றிதழுக்கோ உரிமத்துக்கோ விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் செய்யும் பெரிய தவறு, ‘சமர்ப்பி’ பட்டனை அழுத்திய நாளிலிருந்து காலண்டர் நாட்களை எண்ணுவது. பெரும்பாலும் சொல்லப்படும் கெடு வேலை நாட்களில் இருக்கும். அதுவும் கட்டணம் வந்து சேர்ந்து, விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் ஓடத் தொடங்கும். வங்கியில் பணம் கழிந்தும் போர்ட்டலில் ‘கட்டணம் நிலுவை’ என்றே இருந்தால், விண்ணப்பம் இன்னும் அதிகாரியிடம் போகாமலே இருக்கலாம். அப்படித் தெரிந்தால் கெடு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பரிவர்த்தனை எண்ணோடு உடனே கேளுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். கெடு 15 வேலை நாள். சனி, ஞாயிறு விடுமுறை. ஒருவர் 1-ஆம் தேதி வெள்ளி இரவு விண்ணப்பிக்கிறார். அவர் கணக்கில் 16-ஆம் தேதி கெடு முடிந்துவிடுகிறது. உண்மையில் முதல் வேலை நாளே 4-ஆம் தேதி திங்கள்தான். ஏழாவது வேலை நாளான 12-ஆம் தேதி, ‘முகவரிச் சான்று தெளிவாக இல்லை’ என்று விண்ணப்பம் அவரிடமே திரும்புகிறது. அவர் 18-ஆம் தேதிதான் அதைப் பார்த்துப் புது நகலை ஏற்றுகிறார். இடைப்பட்ட நாட்கள் பல இடங்களில் கணக்கில் வராது. மீதி 8 நாளை 19-லிருந்து எண்ணினால் கெடு 28-ஆம் தேதி முடியும். பதில் வந்ததும் புதிதாக எண்ணும் அலுவலகமானால் இன்னும் 7 வேலை நாள் கூடும். எந்த முறை என்பது விண்ணப்ப விதிமுறையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த ஆறு நாள் வீணானது ஏன்? நிலைப் பக்கத்தின் மேலே இருந்த ‘நிலுவை’ என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடியதால். யாரிடம் நிலுவை, கடைசியாக எந்தத் தேதியில் நகர்ந்தது, குறிப்பு ஏதும் உண்டா என்பவைதான் முக்கியம். குறுஞ்செய்தி வரும் என்று நம்பி இருப்பதும் சரியல்ல. வேறொருவர் விண்ணப்பித்துக் கொடுத்திருந்தால், அவருடைய எண்ணுக்கே செய்தி போகலாம். மின்னஞ்சல் ஸ்பேமில் விழலாம். வாரம் இருமுறை உள்ளே போய்ப் பார்த்தால் போதும்.

பொறுமை இழந்து இரண்டாவது விண்ணப்பம் போடாதீர்கள். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்று நிராகரிக்கப்படலாம், சில இடங்களில் இரண்டுமே நிற்கலாம். கட்டணமும் திரும்பாமல் போகலாம்.

கெடு முடிந்த மறு வேலை நாளில் கேட்பதே என் வழக்கம். சான்றிதழ் தேவைப்படும் தேதி அதற்கு முன்பே வந்தால், அதற்கான கடிதத்தை இணைத்து முன்னதாகவே கேட்கலாம். “என் விண்ணப்பம் என்ன ஆச்சு?” என்று மட்டும் எழுதினால் “பரிசீலனையில் உள்ளது” என்றே பதில் வரும். விண்ணப்ப எண், கட்டணம் ஏறிய தேதி, கடைசியாக நிலை மாறிய தேதி, கெடு முடிந்த தேதி ஆகிய நான்கையும் எழுதி, “இப்போது யாரிடம் இருக்கிறது, என் பக்கம் ஏதாவது பாக்கி உண்டா?” என்று கேளுங்கள். நிலைப் பக்கத்தைத் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்தால், பிறகு மேலதிகாரிக்கு எழுத நேர்ந்தாலும் அதையே அனுப்பலாம்.