ஏஜிங் போட்டு வாராக்கடன் ப்ரொவிஷன் எழுதும்போது எங்க தப்பு நடக்குது

மார்ச் கடைசில டெப்டர்ஸ் லிஸ்ட் எடுத்து, எத்தனை நாள் பாக்கின்னு பிரிச்சு, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு சதவீதம் போட்டு கூட்டுறது வரைக்கும் நிறைய பேர் சரியாத்தான் பண்றாங்க. வந்த தொகைய அப்படியே செலவுல எழுதிடுறாங்க பாருங்க, அதுதான் நான் அடிக்கடி பாக்குற தப்பு.

நூல் மொத்த வியாபாரம் பண்ற ஒரு கடைன்னு வச்சுக்கோங்க, வெளில பாக்கி 20 லட்சம். 30 நாளுக்குள்ள 12 லட்சம், அதுக்கு 1%. 31-60 நாள்ல 5 லட்சம், 4%. 61-90ல 2 லட்சம், 10%. 90 தாண்டுனது 1 லட்சம், 40%. கூட்டினா 92,000 வரும். இது செலவு இல்ல, வருஷக் கடைசில ப்ரொவிஷன் கணக்குல *இருக்க வேண்டிய* பேலன்ஸ். வருஷ ஆரம்பத்துல அதுல 70,000 இருந்துச்சு, நடுவுல 45,000 ரைட் ஆஃப் பண்ணி அதுல கழிச்சாச்சு, மீதி 25,000 இருக்கு, அப்போ இந்த வருஷ செலவு 67,000 மட்டும்தான். அதுவே 85,000 ரைட் ஆஃப் ஆயிருந்தா கணக்கு 15,000 டெபிட்ல நிக்கும், அப்ப செலவு 1,07,000. பழைய பேலன்ஸ பாக்காம 92,000 எழுதுனா ரெண்டு பக்கமும் லாபம் தப்பா வரும்.

அடுத்தது சதவீதத்தை மாத்துறது. 90 நாள் தாண்டுன பிரிவுக்கு 40%க்கு பதிலா 20% போட்டா தேவையான பேலன்ஸ் 72,000 ஆயிடும், செலவு 47,000 ஆயிடும், லாபம் 20,000 கூடும், ஆனா ஒரு ரூபா கூட பேங்க்குக்கு வரல. அந்த பாக்கி பின்னாடி வராம போச்சுன்னா அந்த நஷ்டம் அப்படியே வர்ற வருஷத்து தலைல விழும். மாத்தவே கூடாதுன்னு சொல்லல, ஏப்ரல் மே மாசத்துல அந்த பழைய பில்லுக்கு பணம் வந்துருக்கு, பேங்க் ஸ்டேட்மெண்ட்ல இருக்குன்னா தாராளமா குறைக்கலாம். காரணத்தை எழுதி வைங்க, லோன் அப்ளை பண்ற வருஷத்துல மட்டும் சதவீதம் குறைஞ்சிருந்தா ஆடிட்டர் கண்டிப்பா கேப்பார்.

லிஸ்டே தப்பா இருந்தா சதவீதம் எவ்வளவு சரியா இருந்தும் பிரயோஜனம் இல்ல. டேலில வந்த பணத்தை பில்லோட சேக்காம `On Account`ல போட்டு விட்டுட்டா, கட்டி முடிச்ச பில்லும் 90 நாள் தாண்டுன பாக்கியா நிக்கும், ப்ரொவிஷன் ஏறும், லாபம் குறையும். அதே மாதிரி போன வருஷம் பில் டேட்லருந்து நாள் எண்ணிட்டு இந்த வருஷம் டியூ டேட்லருந்து எண்ணினா, 60 நாள் கிரெடிட் குடுக்குற கடைல பாதி பாக்கி ஒரே ராத்திரில இளசாயிடும்.

சதவீதம் சரியான்னு பாக்க ஒரு வழி இருக்கு, போன மார்ச் லிஸ்ட்ட எடுத்து, அதுல ஒவ்வொரு பிரிவுலயும் இன்னிக்கு வரைக்கும் எவ்வளவு வராம போச்சுன்னு பக்கத்துல எழுதுங்க. 40% போட்ட இடத்துல 70% போயிருந்தா இந்த வருஷம் அந்த 70%ல இருந்து ஆரம்பிங்க.