கை தூக்கும்போது தோள் உருண்டை ஏன் மேலே ஏறுவதில்லை: சிரட்டையும் டியூப் பட்டையும் கொண்டு ஒரு செய்முறை

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் என் பெரியப்பாவுக்கு வலது தோளில் வலி வந்து ஸ்கேன் எடுத்தபோது, சூப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசைநாண் கிழிந்திருப்பதாக அறிக்கையில் எழுதியிருந்தது. கையைத் தூக்கும் தசை அதுதான் என்று நான் படித்திருந்தேன். ஆனால் பெரியப்பாவோ என் முன்னாலேயே கையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டி, "தூக்க முடியுது மக்கா, பாதி வழியிலதான் குத்துது" என்றார். தூக்கும் தசை கிழிந்த பிறகும் கை எப்படி உயர்கிறது என்ற கேள்விக்குப் படங்களைப் பார்த்து விடை கிடைக்காததால், ஒரு மாதிரி செய்து பார்த்தேன். அதன் செய்முறை இது.

1. பொருள்கள்

மேற்கை எலும்பின் தலைக்கு, 5 செ.மீ. விட்டமுள்ள மர உருண்டை ஒன்றைக் கடைசல் பட்டறையில் கடைந்து வாங்குங்கள். ரப்பர் மரமே போதும், ஆணி எளிதில் இறங்கும். கை எலும்பாக நிற்கும் கம்பைச் செருகும் துளையையும் அங்கேயே போடச் சொல்லுங்கள். ரப்பர் பந்து வேண்டாம். அழுத்தினால் அமுங்கிவிடுவதால், உருண்டை நகர்ந்ததா நசுங்கியதா என்று பிரித்தறிய முடியாது. அந்தத் தலை உட்காரும் குழிக்கு, சிரட்டையின் கண் இல்லாத பக்கத்திலிருந்து 3.5 செ.மீ. உயரமும் 2.5 செ.மீ. அகலமும் உள்ள ஒரு துண்டு. தோள்பட்டை எலும்புக்கு ஒரு பலகை, தோளை வெளிப்பக்கம் மூடியிருக்கும் டெல்டாய்டு தசைக்குத் தூண்டிலில் கட்டும் தங்கூசி, உருண்டையைச் சுற்றிப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகளுக்குப் பழைய சைக்கிள் டியூப்பில் வெட்டிய மூன்று பட்டைகள். கஃப் தசைகளுக்கும் தங்கூசியையே கட்டலாம் என்று சிலர் நினைக்கக்கூடும்; அது இழுபடாது என்பதால் உருண்டை ஒரே இடத்தில் பூட்டிக்கொண்டுவிடும்.

2. குழியும் கூரையும்

பலகையின் பக்க விளிம்பில் சிரட்டைத் துண்டை எம்சீல் வைத்து ஒட்டி, உள்பக்கத்தில் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். உருண்டையை அதில் வைத்தவுடனேயே ஒன்று தெரியும்: குழி உருண்டையைக் கவ்விப் பிடிக்கவில்லை, சும்மா தாங்கி மட்டும் நிற்கிறது. உண்மையான தோளிலும் எந்த நேரத்திலும் உருண்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. இடுப்பு மூட்டைப் போல் ஆழம் இல்லாததால்தான் கை இவ்வளவு திசைகளில் சுழல்கிறது. உருண்டையை நடுவில் நிறுத்தும் பொறுப்பும் அதனால்தான் தசைகளுக்குப் போய்விடுகிறது.

உருண்டைக்கு மேலே 1 செ.மீ. இடைவெளி விட்டு, ஒரு சிறு மரத்துண்டைக் கூரைபோலப் பலகையில் அடியுங்கள். இது தோள்பட்டை எலும்பின் மேல் நீட்சியான அக்ரோமியன். உடலிலும் இந்த இடைவெளி ஏறக்குறைய 1 செ.மீ.தான். அதற்குள்தான் சூப்ராஸ்பைனேட்டஸ் நாணும் அதன் மேலுள்ள நீர்ப்பையும் இருக்கின்றன.

3. முதலில் டெல்டாய்டு மட்டும்

கம்பின் நடுப்பகுதியில் ஓர் ஆணி அடித்து, தங்கூசியை அதில் கட்டி, கூரையின் வெளி விளிம்பிலுள்ள துளை வழியாக மேலே கொண்டுவந்து இழுங்கள். கம்பு தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் அந்த இழுப்பு ஏறக்குறைய நேராக மேல்நோக்கியே இருப்பதால், கம்பு பக்கவாட்டில் விரிவதற்கு முன்பே உருண்டை குழியை விட்டு ஏறிக் கூரையில் போய் முட்டும்.

இதற்கு ஒரு கணக்கும் உண்டு. உருண்டையின் ஆரம் 25 மி.மீ. அது வழுக்காமல் உருண்டு மட்டும் போனால், கம்பு 60 பாகை உயர்வதற்குள் உருண்டையின் மையம் சுமார் 26 மி.மீ. மேலே போயிருக்க வேண்டும். நம்மிடம் இருக்கும் இடமோ 10 மி.மீ.; அது 23 பாகையிலேயே தீர்ந்துவிடும். ஆகவே உருண்டை மேல்நோக்கி உருளும் ஒவ்வொரு மி.மீ.க்கும் ஏறக்குறைய அதே அளவு கீழ்நோக்கி வழுக்கியும் ஆக வேண்டும். நலமான தோளில் மையம் சில மி.மீ.க்கு மேல் இடம் மாறுவதில்லை.

4. பட்டைகள்: நான் சறுக்கிய இடம்

மேல் பட்டை சூப்ராஸ்பைனேட்டஸ். முன்பட்டை சப்ஸ்கேபுலாரிஸ். பின்பட்டை இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரெஸ் மைனரும் சேர்ந்தது. மூன்றையும் உருண்டையில் அடித்து, மறுமுனைகளைக் குழிக்கு நேர் உயரத்தில் பலகையில் அடித்தேன். தங்கூசியை இழுத்தால் உருண்டை முன்னைவிடக் குறைவாக ஏறியது, ஆனாலும் ஏறியது. பட்டைகளை இறுக்கிப் பார்த்தேன். உருண்டை அசையவில்லை, கம்பும் அசையவில்லை. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

தவறு இறுக்கத்தில் இல்லை, திசையில் இருந்தது. தோள்பட்டை எலும்பின் படத்தை மறுபடி பார்த்தபோதுதான் தெரிந்தது: சப்ஸ்கேபுலாரிஸ் அந்த எலும்பின் முன்பக்கம் முழுவதும் பரந்து கிடக்கிறது, இன்ஃப்ராஸ்பைனேட்டஸ் பின்பக்கத்தில் எலும்பு முகட்டுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டின் இழுப்பும் உள்நோக்கி மட்டுமல்ல, சாய்வாகக் கீழ்நோக்கியும் இருக்கிறது. சூப்ராஸ்பைனேட்டஸ் மட்டுமே ஏறக்குறைய கிடைமட்டமாக ஓடி, உருண்டையைக் குழிக்குள் அழுத்துகிறது.

முன், பின் பட்டைகளின் பலகை முனைகளை 3 செ.மீ. கீழே இறக்கி அடித்தேன். தங்கூசியை இழுத்ததும் உருண்டை இருந்த இடத்திலேயே சுழன்று, கம்பு விரிந்து உயர்ந்தது. டெல்டாய்டின் மேல் இழுப்பையும் பட்டைகளின் கீழ் இழுப்பையும் எதிரெதிராகக் கழித்துவிட்டால், மிஞ்சுவது சுழற்சி மட்டுமே.

5. பெரியப்பாவின் தோள்

இப்போது மேல் பட்டையை மட்டும் வெட்டிவிடுங்கள். கம்பு இன்னும் உயரும். ஆனால் தொடக்கத்தில் உருண்டை சற்றே மேலேறி, கூரையை உரசுவதுபோல் நெருங்கும். பெரியப்பாவின் நிலை இதுதான். அவருக்கு 60 பாகையிலிருந்து 120 பாகைக்குள் குத்துவதும், அதைத் தாண்டினால் வலி குறைவதும், உருண்டையின் மேட்டுப்பகுதி கூரையின் கீழே கடந்துபோகும் இடம் அது என்பதோடு பொருந்துகிறது. அடுத்து பின்பட்டையையும் வெட்டினால், எவ்வளவு இழுத்தாலும் உருண்டை கூரையில் முட்டுமே தவிர கம்பு உயராது. கிழிசல் பெரிதாகிப் பின்பக்கமோ முன்பக்கமோ பரவியவர்களில் சிலர் கையை உயர்த்த முயலும்போது தோளை மட்டும் குலுக்குவதற்குக் காரணம் இதுவே. எக்ஸ்ரேயில் உருண்டைக்கும் கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளி 7 மி.மீ.க்கும் குறைந்திருந்தால் மருத்துவர்கள் பெரிய கிழிசலைச் சந்தேகிப்பதும் இதனால்தான். தோளைப் பார்த்து எந்த நாண் கிழிந்தது என்று தீர்மானிக்க மட்டும் இந்த மாதிரி உதவாது. அதற்கு ஸ்கேன்தான் வேண்டும்.

பின்சேர்க்கை

செய்து பார்த்த குளச்சல் வாசகர் ஒருவருக்குக் கம்பு உயராமல் உள்நோக்கித் திரும்பிக்கொண்டே இருந்ததாம். அவர் முன்பட்டையைப் பின்பட்டையைவிட அகலமாக வெட்டியிருந்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தால்தான் உருண்டை முன்பின்னாகவும் நடுவில் நிற்கும்.

இன்னும் இருவர், 90 பாகையை நெருங்கும்போது மேல் பட்டையை அடித்த ஆணி கூரையில் இடிப்பதாக எழுதினார்கள். கம்பை அந்த இடத்தில் வெளிநோக்கிச் சிறிது திருப்புங்கள், ஆணி கூரைக்குப் பின்னால் ஒதுங்கும். நம் கையும் உயரும்போது தானாகவே அப்படித் திரும்புகிறது. அதற்கு மேலும் உயர்த்தப் பலகையையும் சாய்க்க வேண்டும். கை முழுதாக 180 பாகை உயரும்போது அதில் சுமார் 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் வருவது. கூரையும் அதோடு சேர்ந்து விலகிக்கொடுக்கிறது. பலகையை மேசையில் அசையாமல் திருகிவிட்டவர்கள் அந்தத் திருகுகளைக் கழற்றி, கீழே ஒற்றை ஆணியில் சாயும்படி மாட்டிக்கொள்ளுங்கள்.