மூன்று டம்ளர் வினிகரும் ஆஸ்வால்ட் நீர்த்தல் விதியும்: எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

தர்மபுரியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். பாலக்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி போன வருடம் மூன்று கண்ணாடி டம்ளர்களின் போட்டோவைச் செல்போனில் காட்டினாள். வீட்டில் இருந்த 4 சதவீத வினிகரை அளந்து ஊற்றி, முதல் டம்ளரில் 0.1 M, அடுத்ததில் அதைப் பத்து மடங்கு நீர்த்து 0.01 M, மூன்றாவதில் இன்னொரு பத்து மடங்கு நீர்த்து 0.001 M கரைசல் தயாரித்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு pH தாள். மூன்றாவது தாள் பச்சையாக இருந்தது. அதாவது pH ஏறக்குறைய 7.

"சார், மூணாவதுல அமிலம் முழுசா உடைஞ்சு தீர்ந்துபோச்சு. ஆஸ்வால்ட் சொன்னது சரிதான்" என்றாள். வலிமை குறைந்த அமிலத்தை நீர்க்க நீர்க்க அதன் மூலக்கூறுகளில் கூடுதல் விகிதம் அயனிகளாக உடையும் என்பதுதான் ஆஸ்வால்ட் நீர்த்தல் விதி.

கணக்கு சரி, கை சுத்தம். முடிவு மட்டும் தப்பு. அந்த ஒரே வாக்கியத்தில் வருடா வருடம் நான் சிவப்பு மையில் திருத்தும் தவறுகள் பாதி இருந்தன.

முதலாவது, "உடைஞ்சு தீர்ந்துபோச்சு". வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலம் உடைந்தால் வருவதே புளிப்பைத் தரும் H⁺ அயனிதான். உடைவதால் புளிப்பு தீராது. வகுப்பில் பாதிப் பேர் இதற்கு நேர் எதிர்ப் பக்கம் விழுவார்கள்: நீர்த்தால் பிரிகை வீதம் கூடும், அப்படியானால் H⁺ கூடும், pH குறையும் என்று எழுதுவார்கள். இரண்டு தவறுக்கும் வேர் ஒன்றுதான். பிரிகை வீதம் α என்பது நூற்றுக்கு எத்தனை மூலக்கூறு உடைந்தது என்ற விகிதம். pH பார்ப்பது ஒரு லிட்டரில் எத்தனை H⁺ இருக்கிறது என்பதை.

100 மில்லி 0.1 M அசிட்டிக் அமிலம் எடுத்துக்கொள்வோம். அமிலம் எவ்வளவு எளிதாக உடையும் என்பதைக் காட்டும் பிரிகை மாறிலி Ka, இதற்கு 25 டிகிரியில் 1.8 × 10⁻⁵. கணக்குப் போட்டால் 1.33 சதவீதம் உடைந்திருக்கும். அதே கரைசலில் நீர் ஊற்றி ஒரு லிட்டர் ஆக்குங்கள். இப்போது 4.15 சதவீதம். பாத்திரத்தில் இருக்கும் மொத்த H⁺ மூன்று மடங்குக்கு மேல் கூடிவிட்டது, உண்மைதான். ஆனால் கரைசலின் கன அளவு பத்து மடங்கு ஆகிவிட்டதே! லிட்டருக்கு என்று பார்த்தால் H⁺ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. pH 2.88-லிருந்து 3.38-க்கு ஏறுகிறது. ஒவ்வொரு பத்து மடங்கு நீர்த்தலுக்கும் ஏறக்குறைய அரை அலகு. ஹைட்ரோகுளோரிக் அமிலமாக இருந்திருந்தால் முழு ஒரு அலகு ஏறியிருக்கும். புதிதாக உடையும் மூலக்கூறுகள் அந்த ஏற்றத்தில் பாதியைத் தடுத்துவிடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஆஸ்வால்ட் விதி என்றால் இந்த அரை அலகுதான்.

சரி, ஏன் கூடுதலாக உடைகிறது? இங்கேதான் பெரிய சறுக்கல். "தண்ணீர் ஒரு வினைபடு பொருள், அதைச் சேர்த்தால் லே சாட்லியர் தத்துவப்படி சமநிலை வலப்பக்கம் நகரும்" என்று எழுதுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரில் 55 மோலுக்கு மேல் தண்ணீர் இருக்கிறது. 0.1 M கரைசலிலும் ஏறக்குறைய அதுதான், 0.01 M கரைசலிலும் அதுதான். ஒரு சதவீதம்கூட மாறாத ஒன்று பிரிகை வீதத்தை எப்படி மூன்று மடங்காக்கும்?

காரணம் துகள்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. உடையும்போது ஒன்று இரண்டாகிறது. சேரும்போது இரண்டு ஒன்றாக வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று ஒகேனக்கல் கூட்டத்தில் கைப்பிடி விட்டுப் பிரிவதற்கு வேறு யாருடைய தயவும் வேண்டாம். மறுபடி சேர வேண்டுமானால் இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். மைதானம் பத்து மடங்கு பெரிதானால் பிரிவது எப்போதும்போலத்தான் நடக்கும், சந்திப்பதுதான் அரிதாகும். (அயனிகள் தங்கள் பழைய ஜோடியைத் தேடுவதில்லை, எந்த H⁺ கிடைத்தாலும் போதும். உவமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம்.)

இதையே எண்ணில் வைத்துப் பாருங்கள். சமநிலையில் [H⁺][CH₃COO⁻] ÷ [CH₃COOH] என்பது Ka-வுக்குச் சமம். சட்டென்று பத்து மடங்கு நீர்த்த அந்தக் கணத்தில் மூன்று செறிவுகளும் பத்தில் ஒன்றாகின்றன. மேலே இரண்டு செறிவுகளின் பெருக்கல், அது நூறில் ஒன்றாகிறது. கீழே ஒன்றே ஒன்று, அது பத்தில் ஒன்றாகிறது. ஆக மொத்த ஈவு Ka-வில் பத்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. Ka வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டது, தண்ணீர் ஊற்றுவதற்காக மாறாது. அதனால் ஈவு மறுபடி Ka-வைத் தொடும்வரை அமிலம் உடைந்துகொண்டே போகிறது. ஒன்று ஒன்றாகவே மாறும் சமநிலையாக இருந்திருந்தால் மேலும் கீழும் சமமாக இறங்கி, நீர்த்தலால் எதுவுமே நடந்திருக்காது.

செறிவு C, பிரிகை வீதம் α என்று வைத்தால் இந்தக் கதை முழுவதும் ஒரு வரியில் அடங்கும்:

Ka = α²C ÷ (1 − α)

ரிகாவில் பிறந்து ஜெர்மனியின் லைப்சிக்கில் பேராசிரியராக இருந்த வில்ஹெல்ம் ஆஸ்வால்ட் 1888-இல் வெளியிட்டது இதுதான். α-வை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது. கரைசலின் மோலார் கடத்துத்திறனை, அளவிலா நீர்த்தலில் வரும் மதிப்பால் வகுத்து அதைப் பெற்றார்கள். அசிட்டிக் அமிலத்துக்கு 0.1 M-இல் 5.2, 0.01 M-இல் 16.2, அளவிலா நீர்த்தலில் ஏறக்குறைய 391. வகுத்துப் பாருங்கள், மேலே சொன்ன 1.33 சதவீதமும் 4.15 சதவீதமும் அப்படியே வரும். இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் Ka ஒன்றேதான். ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு இதே கணக்கைப் போட்டால் "மாறிலி" 0.1 M-இல் 1 என்றும், 0.001 M-இல் 0.09 என்றும் தாவும். வலிமை மிகுந்த அமிலத்துக்கு இந்த விதியைப் போட்டு விடை எழுதக் கூடாது என்பது அதனால்தான்.

பரீட்சையில் எல்லோரும் எழுதுவது சுருக்கிய வடிவம்: α = √(Ka/C). 1 − α என்பதை 1 என்றே எடுத்துக்கொண்டால் வருவது. 0.1 M-இல் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். ஆனால் நீர்த்தலைப் பற்றிய கேள்வியிலேயே இது காலை வாரிவிடும், ஏனென்றால் நீர்க்க நீர்க்க α பெரிதாகிறது. 0.001 M-இல் சுருக்கம் 13.4 சதவீதம் என்கிறது, சரியான விடை 12.5. 0.0001 M-இல் சுருக்கம் 42, சரியான விடை 34. 0.00001 M-இல் சுருக்கச் சூத்திரம் 134 சதவீதம் என்று சொல்லும். நூறு மூலக்கூறில் நூற்று முப்பத்து நான்கு உடைந்ததாம்! அதைக் கட்டம் போட்டு விடையாக எழுதிய தாள்களையும் திருத்தியிருக்கிறேன். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் வருவது 72 சதவீதம். நான் பிள்ளைகளிடம் சொல்வது, சுருக்கத்தில் போட்டு α 5 சதவீதத்தைத் தாண்டினால் பேனாவை வைத்துவிட்டு முழுச் சமன்பாட்டுக்குப் போ என்பதுதான்.

இன்னொன்று, பாடத்தை நன்றாகப் படித்தவர்கள் விழுகிற குழி. "அளவிலா நீர்த்தலில் எல்லா வலிமை குறைந்த அமிலமும் 100 சதவீதம் அயனியாகும்." சூத்திரத்தை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் தண்ணீரும் தன் பங்குக்கு லிட்டருக்கு 10⁻⁷ மோல் H⁺ வைத்திருக்கிறது. அமிலத்தின் H⁺ எவ்வளவு குறைந்தாலும் இந்த இருப்பு போகாது. எல்லையில் α = Ka ÷ (Ka + 10⁻⁷) என்று நிற்கும். அசிட்டிக் அமிலத்துக்கு இது 99.4 சதவீதம், வித்தியாசம் தெரியாது. கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரை எடுங்கள். போரிக் அமிலத்தின் Ka 5.8 × 10⁻¹⁰. அணை நிறையத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கலந்தாலும், தண்ணீர் சுத்தமாகவே இருந்தாலும், 0.6 சதவீதத்தைத் தாண்டி அது அயனியாகாது.

இப்போது அந்த மூன்றாவது டம்ளருக்கு வருவோம். 0.001 M அசிட்டிக் அமிலத்தின் pH 3.9 இருக்க வேண்டும். 7 காட்டினால் H⁺ ஆயிரம் மடங்குக்கு மேல் காணாமல் போயிருக்கிறது. எந்த நீர்த்தல் விதியும் அதைச் செய்யாது.

"எந்தத் தண்ணிம்மா ஊத்துன?"

"வீட்டு போர்வெல் தண்ணி சார்."

பாறைக்கு அடியிலிருந்து வரும் நம் பக்கத்து போர்வெல் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியத்தோடு பைகார்பனேட்டும் கரைந்திருக்கும். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவது அதனால்தான். லிட்டருக்கு 5 மில்லிமோல் பைகார்பனேட் என்று வைத்துக்கொள்வோம். முதல் டம்ளரில் லிட்டருக்கு 100 மில்லிமோல் அமிலம், அதில் 5 மில்லிமோல் நடுநிலையானாலே pH 2.9-க்குப் பதில் 3.5 ஆகிவிடும். இரண்டாவதில் அமிலம் 10 மில்லிமோல், பாதி போய்விடும், pH 4.7. மூன்றாவதில் அமிலம் வெறும் 1 மில்லிமோல், எதிரே ஐந்து மடங்கு பைகார்பனேட். அமிலம் முழுவதும் அசிட்டேட் ஆகி, pH 7-ஐ ஒட்டி நிற்கும்.

அவள் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் வேடிக்கை. மூன்றாவது டம்ளரில் அமிலம் 99 சதவீதத்துக்கு மேல் அயனியாகத்தான் இருந்தது. ஆனால் அதைச் செய்தது நீர்த்தல் இல்லை, H⁺-ஐப் பிடுங்கிக்கொண்ட பைகார்பனேட். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி pH ஏறும் படியைப் பார்ப்பது. பத்து மடங்கு நீர்த்தலுக்கு அரை அலகுதான் ஏற வேண்டும். ஒரு அலகுக்கு மேல் குதித்தால், ஊற்றிய தண்ணீரைச் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்த வாரம் மெக்கானிக் கடையிலிருந்து, உப்புகள் நீக்கிய பேட்டரி தண்ணீர் ஒரு லிட்டர் வாங்கிக்கொண்டு வந்தாள். 15 மில்லி வினிகரை 100 மில்லி ஆக்கினோம், அது 0.1 M. அதிலிருந்து 10 மில்லி எடுத்து மறுபடி 100, அதிலிருந்து 10 எடுத்து மறுபடி 100. தாள் அரை அலகைத் துல்லியமாகக் காட்டாது. 3, அப்புறம் 3-க்கும் 4-க்கும் நடுவில் ஒரு நிறம், கடைசியில் 4. பச்சை வரவில்லை.