புது வேலையில சேந்த மூணாவது மாசமே லீவு வேணுமா? இப்படி கேளுங்க

திடீர்னு காய்ச்சல் வந்தா காலையில மெசேஜ் போட்டுட்டு படுத்துடலாம், அது வேற கதை. இங்க சொல்றது முன்னாடியே தேதி தெரிஞ்ச லீவு பத்தி, உதாரணத்துக்கு அக்கா கல்யாணம். சேந்து ரெண்டு மாசம் முடிஞ்சிருக்கு, வெள்ளியும் திங்களும் லீவு வேணும்.

முதல்ல அப்பாயின்ட்மென்ட் லெட்டர்ல லீவு பகுதிய படிங்க. வருஷத்துக்கு 18 நாள்னு போட்டிருந்தா 18 நாளும் இப்பவே கையில இருக்குன்னு அர்த்தம் இல்ல, நிறைய இடத்துல மாசத்துக்கு 1.5 நாள்னுதான் சேரும், அப்போ ரெண்டு மாசத்துக்கு 3 நாள். சில கம்பெனில ப்ரொபேஷன் முடியுற வரைக்கும் அதை எடுக்கவே முடியாது.

அடுத்து சாண்ட்விச் ரூல் இருக்கான்னு ஹெச்ஆர் கிட்ட கேளுங்க, புதுசா வர்றவங்க மாட்டுறதே இங்கதான். இந்த ரூல் இருந்தா நடுவுல வர்ற சனி ஞாயிறும் லீவு கணக்குல போயிடும், நீங்க கேட்டது 2 நாள், கழியிறது 4 நாள். கையில இருக்கிறது 3, மீதி 1 நாள் எல்ஓபி, அதாவது சம்பளம் கட். அதோட எல்ஓபி நாளுக்கு ஏத்த மாதிரி ப்ரொபேஷன் தள்ளிப் போகுமான்னும் அப்பவே கேட்டுடுங்க, சில இடத்துல தள்ளுவாங்க.

இதெல்லாம் தெரிஞ்சப்புறம் மேனேஜர் கிட்ட நேர்ல பேசுங்க. போர்ட்டல்ல நேரா அப்ளை பண்ணிட்டு அவருக்கு நோட்டிஃபிகேஷன்ல தெரிய வைக்கிறது எனக்கு சரியா படல, புது ஆள் வேற. ஊருக்கு போற டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பேசுறது நல்லது, ஏன்னா "டிக்கெட் போட்டுட்டேன்"னு ஆரம்பிச்சா அது கேக்குற மாதிரி இருக்காது, சொல்லிட்டு போற மாதிரி இருக்கும்.

அவர் சரின்னதும் அதே நாள்ல மெயில், சின்னதா போதும்:

"சார், இன்னிக்கு பேசினபடி அக்கா கல்யாணத்துக்காக 14 வெள்ளி, 17 திங்கள் லீவு வேணும். வாராந்திர ரிப்போர்ட்ட 13ஆம் தேதியே அனுப்பிடுறேன். திங்கள் வர்ற வேலைய டீம்ல ஒருத்தர் பாக்குறேன்னு சொல்லியிருக்காங்க. லீவு பேலன்ஸ் பத்தலன்னா 1 நாள் எல்ஓபி எனக்கு ஓகே."

இதுல வேலைய யார் பாப்பாங்கன்ற வரிதான் முக்கியம், மேனேஜருக்கு இருக்கிற கவலையே அதுதான், அதனால அந்த ஆள்கிட்ட நெஜமாவே முன்னாடி பேசிட்டு எழுதுங்க. பொய் காரணம் வேண்டாம், கல்யாண போட்டோ எப்படியும் வெளிய வந்துடும்.

கடைசியா போர்ட்டல்ல போட்டு, பெண்டிங் மாறி அப்ரூவ்டுன்னு வந்துச்சான்னு பாருங்க. வாய்ல சரின்னு சொல்லிட்டு அப்ரூவ் பண்ண மறந்துட்டா சம்பளம் போடுறப்போ சொல்லாம வராத நாளா விழலாம், அதனால சம்பளக் கணக்கு முடிக்கிற தேதிக்கு முன்னாடியே ஒரு தடவ ஞாபகப்படுத்திடுங்க.

ஒருவேளை முடியாதுன்னு சொல்லிட்டா, எந்த நாள்தான் சிக்கல்னு கேளுங்க. பெரும்பாலும் திங்கள் மட்டும்தான் பிரச்சனையா இருக்கும், அப்போ வியாழன் வெள்ளின்னு மாத்திக்கலாம், நடுவுல சனி ஞாயிறு வராததால சாண்ட்விச்சும் விழாது.