போலி ஹெல்மெட்டுக்குப் பணம் திரும்பக் கேட்கும்போது

ஆன்லைனில் வாங்கிய ஹெல்மெட் போலி என்று தெரிந்தால், புகாரில் "தரம் சரியில்லை" என்று எழுதாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். எண்ணே இல்லை என்றோ, வேறு கம்பெனி பெயரிலோ வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முத்திரையின் போட்டோவோடு தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள்.

கடிதத்துக்கு இரண்டு வரி போதும்: "காட்பாடி முகவரிக்கு வந்த ஹெல்மெட்டில் உள்ள உரிம எண் வேறு நிறுவனத்துடையது. 2020 மின்வணிக விதிகளின்படி போலிப் பொருளைத் திரும்பப் பெற்று முழுப் பணத்தையும் தர வேண்டும்." தரம் என்று எழுதினால் அது உங்கள் கருத்து, எளிதாக மறுத்துவிடுவார்கள். எண் பொருந்தவில்லை என்பதை யாரும் சரிபார்க்கலாம். அந்த விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள். அப்புறம் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

உண்மையான எண்ணையே திருடி அச்சடித்திருந்தால் செயலி சரி என்றுதான் காட்டும். புடவை, கைப்பை போன்ற ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொருளுக்கும் இது உதவாது. அப்போது பிராண்டின் வாடிக்கையாளர் சேவைக்கு போட்டோ அனுப்பி, "இது எங்கள் தயாரிப்பு இல்லை" என்ற பதிலை மின்னஞ்சலில் வாங்கி இணையுங்கள்.