பொங்கல் குடும்பப் படம்: லண்டன் அண்ணனைச் சேலம் வராண்டாவில் நிற்க வைப்பது எப்படி

வெளிநாட்டில் இருப்பவரைக் குடும்பப் படத்தில் ஒட்டும்போது ஏன் 'ஒட்டின மாதிரி' தெரிகிறது? வெட்டியது சரியில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வந்திருக்கும், அல்லது கேமரா வேறு உயரத்தில் இருந்திருக்கும். இவை இரண்டையும் கம்ப்யூட்டரில் எளிதில் திருத்த முடியாது. அதனால் வேலையில் பாதி படம் எடுக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, தம்பி. அண்ணன் லண்டனில். அக்கா சிங்கப்பூரில். அண்ணனைச் சேர்ப்பதை முழுதாகப் பார்த்துவிட்டால் அக்காவுக்கும் அதே முறைதான்.

முதலில் சேலத்துப் படம்

தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். அதனால் வடக்குப் பார்த்த வராண்டாவில் நாள் முழுக்க நேர் வெயில் விழாது. இதுதான் நமக்கு வேண்டிய இடம். முற்றத்து வெயிலில் எடுத்தால் அதே கோணத்து வெயில் லண்டன் ஜனவரியில் வேண்டும். அங்கே உச்சிவேளையிலேயே சூரியன் சுமார் 17 டிகிரிதான் மேலே வரும், அதுவும் மேகம் விட்டால். நிழலில் எடுங்கள்.

வராண்டாவின் மேற்கு ஓரத்தில் ட்ரைபாடை வைத்துக் கிழக்கே பார்த்து எடுத்தால், திறந்த வடக்குப் பக்கத்து வெளிச்சம் எல்லோருக்கும் படத்தின் இடப்பக்கத்திலிருந்து விழும். இதை எழுதி வையுங்கள். போன் லென்ஸ் தரையிலிருந்து சரியாக 1 மீட்டர். உட்கார்ந்திருக்கும் முன்வரிசை 4 மீட்டர் தூரத்தில், நிற்கும் பின்வரிசை 4.6 மீட்டரில். 1x லென்ஸ் மட்டும், 0.5x போட்டால் ஓரத்தில் நிற்பவரின் தலை இழுபடும். போர்ட்ரெய்ட் மோடு, பியூட்டி, ஃபிளாஷ் மூன்றும் வேண்டாம். திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிட்டு, ட்ரைபாடை அசைக்காமல் மூன்று படம் எடுக்க வேண்டும்.

1. துணிக்கடையில் அளப்பார்களே, அந்த மாதிரி 1 மீட்டர் கம்பி ஒன்றை, அண்ணன் நிற்கப்போகும் இடத்தில் செங்குத்தாக நிறுத்தி ஒரு படம். அதே படத்தில் ஒரு வெள்ளை A4 தாளும் இருக்கட்டும்.
2. அதே இடத்தில் கிட்டத்தட்ட அண்ணன் உயரமுள்ள ஒருவரை, அவருக்கு மாற்றாளாக, வேட்டி சட்டையில் நிறுத்தி ஒரு படம்.
3. அவர் விலகியபின், 60 செ.மீ. இடைவெளி அப்படியே இருக்க, குடும்பத்தோடு நிஜப் படம்.

இரண்டாவது படத்தைத் தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தில் ஒரு ஆள் நின்றால் முகத்தின் எந்தப் பாதி இருள்கிறது, காலடியில் எவ்வளவு நிழல், பக்கத்தில் இருப்பவர் தோளில் எவ்வளவு மங்கல் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு யூகிக்க வேண்டியதில்லை, பார்த்து வரையலாம்.

அண்ணனுக்கு அனுப்ப வேண்டிய செய்தி

"அண்ணா, பெரிய ஜன்னல் உங்க வலது கை பக்கம் இருக்கற மாதிரி, ஒன்றரை மீட்டர் தள்ளி நில்லுங்க. ரூம் லைட்டை அணைச்சிடுங்க. போன் லென்ஸ் தரையிலிருந்து 1 மீட்டர், உங்களுக்கும் போனுக்கும் 4.6 மீட்டர். செருப்பு வேண்டாம். துடைப்பக் குச்சியில 1 மீட்டர்ல டேப் ஒட்டி, வெள்ளைத் தாளோட முதல்ல ஒரு படம். அப்புறம் லென்ஸைப் பார்த்து அஞ்சாறு படம். வாட்ஸ்அப்ல டாக்குமெண்ட்டா அனுப்புங்க."

அவருக்கு வலது என்பது படத்தில் இடது. இங்கேதான் அடிக்கடி குழப்பம் வரும். மாறி வந்துவிட்டால் படத்தைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டுவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். அண்ணனின் சட்டைப் பொத்தானும் பையும் பக்கம் மாறும். அக்காவுக்கு முந்தானை வலது தோளுக்குப் போய்விடும். காரணம் புரியாவிட்டாலும் பார்க்கிறவர்கள் ஏதோ தப்பு என்பார்கள். மறுபடி எடுக்கச் சொல்வதே நல்லது.

டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்வது, சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி முடியோரம் கட்டம் கட்டமாகிவிடும் என்பதால். வீட்டில் 4.6 மீட்டர் இல்லையென்றால் நடைபாதைக் கதவு வழியாக எடுக்கலாம். 3 மீட்டருக்குக் கீழே போனால் முகமும் பாதமும் பார்க்கும் கோணமே மாறிவிடும்.

வந்ததும் ஒரு சோதனை. லென்ஸும் டேப்பும் 1 மீட்டரில் இருப்பதால், போன் சாயாமல் இருந்தால் டேப் படத்தின் உயரத்தில் சரிபாதியில் தெரியும். நடுக்கோட்டுக்கு ரொம்பக் கீழே தெரிந்தால் போன் உயரத்தில் இருந்திருக்கும், அல்லது சாய்ந்திருக்கும். அந்தப் படம் ஆகாது.

அளவு

இலவசமாகக் கிடைக்கும் படம் திருத்தும் மென்பொருள் ஜிம்ப் போதும். சேலம் மூன்றாவது படத்தைத் திறந்து, மற்றவற்றை `File > Open as Layers` மூலம் மேலே கொண்டுவாருங்கள். `Measure` கருவியால் இரண்டு குச்சிகளையும் அளக்க வேண்டும். சேலத்துக் கம்பி 656 பிக்சல், லண்டன் குச்சியில் தரையிலிருந்து டேப் வரை 820 பிக்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

```
656 ÷ 820 × 100 = 80
```

அண்ணன் படத்தை `Layer > Scale Layer`-இல் 80 சதவீதமாக்குங்கள். அவர் 172 செ.மீ. என்றால் இப்போது ஏறக்குறைய 1128 பிக்சல் உயரம் வர வேண்டும். கண்ணளவில் இழுத்துப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ வேண்டாம். பின்வரிசையில் நிற்பதால் அவர் 'சின்னதாக' இருப்பது போலத் தோன்றும்; அதுதான் சரி. டேப் இருந்த உயரமும் சேலத்துக் கம்பியின் உச்சியும் ஒரே கோட்டில் வருகிற மாதிரி வைத்துவிட்டால் பாதம் தானாகத் தரையில் உட்காரும்.

வெட்டுவதும் வெளிச்சமும்

அழிப்பானால் அழிக்காமல் `Add Layer Mask` போட்டு, கறுப்புப் பிரஷால் பின்னணியை மறையுங்கள். தப்பானால் வெள்ளையால் மீட்கலாம். உடம்புக்குக் கொஞ்சம் மென்மையான பிரஷ், முடிக்கு அதைவிட மென்மையானது. தனி முடிகளைத் துரத்த வேண்டாம்.

நிறத்துக்கு முன் வெளிச்சத்தைச் சரிசெய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது லேயர், முழுக்கச் சாம்பல் நிறம், மோடு `LCh Color`. படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். இப்போது அண்ணன் லேயரில் `Colors > Curves` திறந்து, மாற்றாள் நின்ற படத்தோடு ஒப்பிட்டு, முகத்தின் இருண்ட பாதியை முதலில் பொருத்துங்கள், பிறகு வெளிச்சப் பாதியை. அண்ணன் திறந்த பக்கத்தில் நின்றால், சுவரோரம் நிற்கும் தம்பியைவிட ஒரு துளி வெளிச்சமாகவே இருக்க வேண்டும். எல்லோரையும் ஒரே அளவுக்கு ஆக்கினால் வராண்டா பொய்யாகிவிடும். ஏற்காட்டுப் பனியில் எடுத்த அடிப்படைப் படமென்றால் கறுப்பே முழுக் கறுப்பாக இருக்காது. `Curves` கோட்டின் இடது நுனியைச் சற்று உயர்த்துங்கள்.

சாம்பல் லேயரை மறைத்துவிட்டு நிறத்துக்கு வாருங்கள். இரண்டு படத்திலும் தாள் ஒரே வெள்ளையாகும்வரை `Colors > Color Temperature`. தாள் பொருந்தினாலும் வேட்டி பொருந்தாது. சேலத்து வராண்டா சிவப்பு ஆக்சைடு தரை என்றால், அப்பா வேட்டியின் கீழ்க்கரையை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: முழங்காலுக்குக் கீழே வெள்ளை மெல்லச் செம்மையேறியிருக்கும். லண்டன் சாம்பல் கம்பளத்தின் மேல் நின்ற அண்ணன் வேட்டியில் அந்தச் செம்மை இருக்காது. தரை நிறத்தை எடுத்து, தனி லேயரில், `Multiply` மோடில், 8 முதல் 10 சதவீதம், கணுக்காலிலிருந்து முழங்கால் நோக்கித் தேயும்படி பூசுங்கள். இந்த ஒரு பூச்சுக்குப் பிறகுதான் அவர் அந்த வீட்டில் நிற்பார்.

காலடி

நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பாட்டி நாற்காலிக்கு அடியிலிருந்து நிறத்தை எடுங்கள். `Multiply` லேயர் இரண்டு. முதலாவது, பாதம் தரையைத் தொடும் இடத்தில் விரல் தடிமன்கூட இல்லாத இருண்ட கோடு. இரண்டாவது, அகலமாக, வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் வலப்புறம் சாய்ந்து, `Gaussian Blur` கொடுத்து மாற்றாள் படத்தில் இருக்கும் மங்கலுக்குக் கொண்டுவருவது. முதல் கோட்டை விட்டால் ஆள் மிதப்பார், இரண்டாவதை எவ்வளவு கூட்டினாலும் இறங்கமாட்டார்.

கடைசியில் படத்தை விரல் நகம் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். யார் முகத்துக்குக் கண் முதலில் போகிறதோ, அவருடைய வெளிச்சம்தான் இன்னும் சரியாகவில்லை.